அந்தப் பாட்டு மாண்டேஜா இல்லையா? (விவாத இழை)

கேத்திக்காரன் | 7 ஜூன், இரவு 11.40

படத்தின் பெயர் வேண்டாம், இன்னும் நிறையப் பேர் பார்க்கவில்லை. மாலைக் காட்சி முடிந்து நானும் நண்பனும் ஊட்டி சேரிங் கிராஸ் வரை நடந்தோம். வழி முழுக்கச் சண்டை. ஞாபகத்தில் இருக்கிற வரை அப்படியே தருகிறேன்.

"இடைவேளைக்கு முன்னாடி வந்த பாட்டு நல்ல மாண்டேஜ்டா" என்றான்.

"எதை வச்சுச் சொல்ற?"

"நாலரை நிமிஷத்துல அஞ்சு வருஷத்தைக் காட்டிட்டாங்க இல்ல? வேலை போனவன் நிலம் வாங்கி, தேயிலைச் செடி வச்சு, வீடு கட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும். அதான்."

"அப்போ முதல் பாட்டு? பைன் காட்டுல ரெண்டு பேரும் நடக்கிறது. அதுலயும் யாரும் வாயசைக்கல. அதுவும் வெட்டி வெட்டித்தான் வந்துச்சு."

"அது சும்மா பாட்டு."

"சும்மா பாட்டுன்னு ஒரு வகை இருக்கா?"

அவன் பேச்சை மாற்றினான். "கடைசியில வந்தாரே, அந்த கேமியோதான் செம."

"பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினார். அது கேமியோவா? கெஸ்ட் ரோல்டா."

"எப்படியோ சீக்வலுக்கு அவர்தான் வில்லன்."

"அது சீக்வலான்னு உனக்கு எப்படித் தெரியும்? பழைய கதைக்குப் போனாலும் போவாங்க."

அதற்குள் கேத்தி பஸ் வந்துவிட்டது. என் கட்சி இதுதான்: வாயசைக்காமல் துண்டு துண்டாக வரும் எந்தப் பாட்டும் மாண்டேஜ். ஒன்றை மட்டும் சேர்த்து இன்னொன்றைத் தள்ள முடியாது. யார் சரி?

எடிட் மேசை | 8 ஜூன், காலை 7.15

படம் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்வது படப்பிடிப்புத் தளத்துப் பேச்சு. உங்கள் நண்பர் சொல்வது கதை சொல்லும் முறை பற்றியது. சென்னையில் எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்தபோது இரண்டையும் ஒரே நாளில் கேட்டிருக்கிறேன். மேனேஜர் வந்து "ரெண்டு மாண்டேஜ் சாங், மூணு லிப் சாங்" என்று கணக்குச் சொல்வார். அவருக்கு வாயசைப்பு உண்டா இல்லையா என்பது மட்டும்தான் விஷயம், ஏனென்றால் செலவு அதில்தான் மாறுகிறது. அதே பாட்டு மேசைக்கு வந்ததும் எடிட்டர் "இது மாண்டேஜா நிக்கலையே" என்பார். அவர் கேட்பது வேறு. இத்தனை ஷாட்டும் சேர்ந்து ஒரு விஷயத்தை நகர்த்துகிறதா என்று கேட்கிறார்.

ஒரு சோதனை சொல்கிறேன். பாட்டின் ஷாட்டுகளை மனதுக்குள் குலைத்துப் போட்டுப் பாருங்கள். பைன் காட்டுப் பாட்டில் ஏரிக்கரை முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒன்றும் கெடாது. தேயிலைப் பாட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை முன்னால் வைத்துக் கல்யாணத்தைப் பின்னால் வைத்தால் கதையே வேறு. நண்பர் கட்சிக்கு ஒரு ஓட்டு.

ஜீப் ரவி | 8 ஜூன், காலை 10.02

அண்ணா, இதில் என்ன குழப்பம்? பல வருடமாக ஷூட்டிங் யூனிட்டுக்கு ஜீப் ஓட்டுகிறேன். நாக்ரா போட்டால் லிப் சாங். அதாவது ஸ்பீக்கரில் பாட்டு அலறும், அவர்கள் வாயசைப்பார்கள், நாலு வரிக்கு நாற்பது தடவை. நாக்ரா இல்லை என்றால் மாண்டேஜ். "அப்படியே நடங்க, திரும்புங்க, சிரிங்க", அவ்வளவுதான்.

இன்னொன்று. இங்கே பன்னிரண்டு மணிக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் டைரக்டர் வசனக் காட்சியைத் தூக்கி வைத்துவிட்டு "வாங்க, மாண்டேஜ் எடுத்துரலாம்" என்பார். அதனால் மாண்டேஜ் என்றால் பேச்சு இல்லாத ஷாட். இதைவிட என்ன வேண்டும்?

எடிட் மேசை | 8 ஜூன், மதியம் 1.30

ரவி, நீங்கள் சொன்ன மஞ்சு விஷயம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

ஒரு வசனக் காட்சியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள் என்றால், இவர் முகம், அவர் முகம் என்று மாறி மாறி வெட்டுவோம். திரையில் இரண்டு நிமிடம் ஓடுவதை எடுக்க அரை நாள் ஆகும். இவர் முகத்தை எடுக்கும்போது பின்னால் வெயில், அவர் முகத்தை எடுக்கும்போது பின்னால் வெள்ளைப் புகை என்றால் ஒட்டாது. ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். மாண்டேஜில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த ஷாட் வேறு நாள், வேறு மாதம் என்று பார்ப்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிடுகிறார். வெயில் ஷாட்டுக்குப் பிறகு மஞ்சு ஷாட் வந்தால் தவறாகத் தெரியாது, "நாள் போயிருக்கிறது" என்று தெரியும். நீலகிரியில் இத்தனை மாண்டேஜ் எடுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. மற்றதை எடுக்க இந்த வானம் விடுவதில்லை.

ஆனால் "பேச்சு இல்லாத ஷாட்" எல்லாம் மாண்டேஜ் என்றால், கதாநாயகன் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கும் ஷாட்டும் மாண்டேஜ் ஆகிவிடும். ஒரு ஷாட் மாண்டேஜ் ஆகாது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அது தொடங்குகிறது.

லவ்டேல்_மாலா | 8 ஜூன், மதியம் 2.10

எந்தத் தியேட்டர் என்று சொல்லவே இல்லையே? பார்க்கிங் இருக்கிறதா? சீசன் கூட்டம் குறைந்துவிட்டதா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேத்திக்காரன் | 8 ஜூன், மதியம் 2.25

மாலா அக்கா, கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டாம் பாதியில் கொஞ்சம் ரத்தம். பார்க்கிங் பற்றிக் கேட்காதீர்கள், நாங்கள் பஸ் கோஷ்டி.

அருவங்காடு_சேகர் | 8 ஜூன், இரவு 9.48

மன்னிக்கவும், எல்லாருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள். மாண்டேஜ் என்பது ரஷ்யர்கள் கண்டது. ஐசன்ஸ்டைன். இரண்டு ஷாட் மோதினால் மூன்றாவதாக ஒரு கருத்து பிறக்க வேண்டும். 1925இல் வந்த பொடெம்கின் கப்பல் படத்தில் மூன்று கல் சிங்கங்கள் வரும். ஒன்று தூங்குகிறது, ஒன்று விழித்திருக்கிறது, ஒன்று எழுந்து நிற்கிறது. மூன்றும் வேறு வேறு சிலைகள். அடுத்தடுத்து வெட்டியதும் ஒரே சிங்கம் துள்ளி எழுவது போல இருக்கும். மக்கள் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதுதான் மாண்டேஜ். நம் பாட்டுகளில் நடப்பது காலத்தைச் சுருக்கும் வேலை, அதற்கு மாண்டேஜ் என்று பெயர் வைப்பதே தவறு.

எடிட் மேசை | 9 ஜூன், காலை 6.50

சேகர், சிங்கம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கிரிமியாவில் அலூப்கா என்ற ஊரின் அரண்மனைப் படிக்கட்டில் இருக்கும் சிலைகள் அவை. ஆனால் "தவறு" என்று தள்ளியதில் உடன்பாடில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு மாண்டேஜ் என்றால் எடிட்டிங், அவ்வளவுதான். அவர்கள் டைட்டிலில் எடிட்டர் பெயருக்கு முன் அந்தச் சொல்தான் வரும். ரஷ்யர்கள் அதை எடுத்து மோதலுக்கு வைத்தார்கள். 1930களில் ஹாலிவுட்டில் ஸ்லாவ்கோ வோர்காபிச் என்பவர் இதற்கென்றே பெயர் பெற்றிருந்தார். இன்னொருவர் இயக்கும் படத்தில் நடுவே வரும் காலம் ஓடும் துண்டை மட்டும் இவர் செய்து கொடுப்பார். அங்கே மாண்டேஜ் என்றால் அந்தத் துண்டு. நம்முடைய தேயிலைப் பாட்டு வோர்காபிச் வழியில் வந்தது.

சேகர் சொன்ன அதே படம் உங்கள் நண்பர் பக்கத்துக்கும் ஒரு சிக்கல் வைக்கிறது, கேத்திக்காரன். ஒடெஸா படிக்கட்டில் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே இறங்கும் காட்சி இருக்கிறதே, அங்கே காலம் சுருங்கவில்லை, நீள்கிறது. அத்தனை படிகளை நடந்தே இறங்க ஆகும் நேரத்தைவிடத் திரையில் அதிக நேரம் ஓடுகிறது. பூட்ஸ் கால், தாயின் முகம், தள்ளுவண்டி, மறுபடி பூட்ஸ் கால் என்று போகப் போக இறங்கி முடியவே முடியாது போலிருக்கும். ஆக, "அஞ்சு வருஷத்தை நாலரை நிமிஷம் ஆக்குவது" மாண்டேஜின் ஒரு வேலை மட்டுமே.

கோத்தகிரி ஸ்டூடியோ | 9 ஜூன், மாலை 5.35

நான் சினிமா ஆள் இல்லை, கல்யாண வீடியோ எடுப்பவன். எங்களிடம் வருகிறவர்களும் "கடைசியில் ஒரு மாண்டேஜ் வச்சுக் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். குழந்தைப் படம், கல்லூரிப் படம், நிச்சயதார்த்தம், பின்னால் ஒரு பாட்டு.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா முகம் எங்கள் கேமராவில் விழவில்லை. முன்னால் யாரோ எழுந்து நின்றுவிட்டார். அது இல்லாமல் கொடுத்தால் சண்டை வரும். தேடிப் பார்த்தால் அவர் தனியாக நின்று எதையோ உற்றுப் பார்க்கும் ஒரு ஷாட் இருந்தது. உண்மையில் பந்தியில் சாம்பார் வாளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் அதைத் தாலி ஷாட்டுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்து எல்லாரும் அழுதார்களாம். "எங்க அப்பா கண்ணு கலங்கினதை எப்படிப் பிடிச்சீங்க" என்று அந்தப் பெண் போனில் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடியா?

எடிட் மேசை | 9 ஜூன், இரவு 10.20

இந்த இழையில் வந்ததிலேயே நல்ல உதாரணம் இதுதான்.

புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் இதையே வேண்டுமென்று செய்து பார்த்தார். மொஸ்ஜூகின் என்ற பிரபல நடிகரின் முகம், பெரிதாக எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு துண்டு. அதன் பக்கத்தில் ஒரு தட்டுச் சூப்பை ஒட்டினார். இன்னொரு முறை அதே முகத்தோடு சவப்பெட்டியில் கிடக்கும் உடல். இன்னொரு முறை ஒரு சிறுமி விளையாடுவது. பார்த்தவர்கள் அவர் பசியில் ஏங்குவதையும், துக்கப்படுவதையும், சந்தோஷப்படுவதையும் பாராட்டினார்கள் என்று அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் ஒன்றுதான்.

சினிமா வகுப்புகளில் இதை மறுக்க முடியாத உண்மை போலச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அந்தப் படச்சுருள் இன்று இல்லை. எந்தெந்த ஷாட்டை ஒட்டினார் என்பதையே ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது பெரும்பாலோர் "முகத்தில் ஒன்றும் தெரியவில்லை" என்றுதான் சொன்னார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில் ஓரளவு விளைவு தெரிந்தது.

என் அனுபவத்தில், வெறும் முகமும் வெறும் சூப்பும் போதாது. அந்த முகம் யாருடையது, அவருக்கு அந்தப் பொருள் என்ன உறவு என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கல்யாண வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும். அவர் அப்பா, அவள் மகள். சாம்பார் வாளியைப் பார்த்த கண்ணை மகளைப் பார்த்த கண்ணாக மாற்றிக்கொண்டது அவர்கள்தான், நீங்கள் இல்லை. பார்வை போகும் திசையும் ஒத்துப்போயிருக்கும். மணமேடை அவருக்கு வலப்பக்கம் என்றால் ஷாட்டிலும் அவர் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாறியிருந்தால் யாராவது "அப்பா எங்க பாக்கறார்?" என்று கேட்டிருப்பார்கள்.

மோசடியா என்றால், தெரியவில்லை. செய்தியில் செய்தால் மோசடி. கல்யாண வீடியோவில்?

கோத்தகிரி ஸ்டூடியோ | 9 ஜூன், இரவு 10.41

வலப்பக்கம்தான். இடப்பக்கம் பார்க்கும் ஷாட் ஒன்று இருந்தது, ஏனோ ஒட்டவில்லை என்று தூக்கிவிட்டேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது.

நான்தான்_அந்த_நண்பன் | 11 ஜூன், இரவு 8.05

இவன் என்னைக் கேட்காமலே எழுதியிருக்கிறான். முதலில் ஒரு திருத்தம். "சும்மா பாட்டு" என்று நான் சொன்னபோது அவன் நடுவில் புகுந்துவிட்டான். நான் சொல்ல வந்தது: பைன் காட்டுப் பாட்டில் இருவருக்கும் நடுவில் எதுவும் மாறவில்லை, தொடக்கத்தில் கைகோத்து நடக்கிறார்கள், முடிவிலும் கைகோத்து நடக்கிறார்கள்.

எடிட் மேசை சாரிடம் ஒரு கேள்வி. பழைய படங்களில் சின்னப் பையன் ஓடுவான், காலைக் காட்டுவார்கள், அந்தக் கால் பெரிய கால் ஆகிவிடும், நிமிர்ந்தால் கதாநாயகன். பதினைந்து வருடம் ஒரே நொடியில் போய்விடுகிறது. அது மாண்டேஜ்தானே?

எடிட் மேசை | 12 ஜூன், காலை 7.30

காலம் போகிறது, ஆனால் அதை மாண்டேஜ் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஒரே ஒரு ஒட்டு. ஒத்த உருவத்தையும் ஒத்த அசைவையும் பிடித்துக்கொண்டு நடுவில் இருக்கும் பதினைந்து வருடத்தைத் தாண்டிவிடுகிறோம். அந்த வருடங்களில் என்ன நடந்தது என்று அது சொல்வதில்லை. மாண்டேஜ் அந்த வருடங்களுக்குள் இறங்கி, இங்கொரு கை அங்கொரு கை அள்ளிக்கொண்டு வருகிறது. அண்ணாமலை (1992) படத்தில் 'வெற்றி நிச்சயம்' பாட்டில் பால்காரர் பணக்காரர் ஆகிறார். அவர் எப்படி ஏறினார் என்று படிப்படியாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பிற்பாதியின் சவாலுக்கு எடையே இருக்காது. ஓடும் கால் அங்கே உதவாது.

குலைத்துப் போடும் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சேகரின் சிங்கத்தைக் குலைத்தால் கெட்டுவிடும். ஆனால் ஒரு ஊரின் விடியலைக் காட்ட பால் கேன், கோயில் மணி, பஸ் ஸ்டாண்ட், பேப்பர் கட்டு என்று நாலு ஷாட் வைத்தால், அவற்றை எந்த வரிசையில் வைத்தாலும் விடியல் வந்துவிடும். அதையும் மாண்டேஜ் என்றுதான் சொல்கிறோம். ஆக அந்தச் சோதனை 'காலம் நகர்கிறதா' என்பதை மட்டும் சொல்லும். பைன் காட்டுப் பாட்டு இந்த இரண்டாவது வகையில் சேருமா என்று நேற்று யோசித்தேன். சேரலாம். "இவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்" என்ற ஒரே விஷயத்தைத்தான் அத்தனை ஷாட்டும் சொல்கின்றன. மோசமான மாண்டேஜ் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேத்திக்காரன் | 12 ஜூன், காலை 7.44

அப்போ என் கட்சியும் ஜெயித்தது!

நான்தான்_அந்த_நண்பன் | 12 ஜூன், காலை 7.46

"மோசமான" என்ற சொல்லையும் சேர்த்துப் படி.

கட்டபெட்டு தோட்டம் | 14 ஜூன், மாலை 6.15

தேயிலைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பாட்டைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தோம். முதல் சரணத்தில் நாற்று நடுகிறார். அதே சரணம் முடிவதற்குள் மூட்டை மூட்டையாகப் பச்சைத் தேயிலை பேக்டரிக்குப் போகிறது. நட்ட செடி ஒழுங்காகப் பறிப்புக்கு வர மூன்று வருடம் ஆகும். இரண்டாவது சரணத்தில் பிள்ளை பள்ளிக்குப் போகிறது, அதற்குப் பின்னால் தெரியும் தோட்டம் முழுக்க வயதான செடி. தண்டு கைத்தடிமன். ஐந்து வருடத்தில் எப்படி அப்படி வரும்? யாரையும் கேட்காமலா எடுத்தார்கள்?

எடிட் மேசை | 15 ஜூன், காலை 8.10

நீங்கள் சொன்ன இடத்தில்தான் அந்தப் பாட்டு எனக்கும் இடித்தது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இப்போது பிடிபடுகிறது. எடிட்டிங் மேசையில் இதை எப்படி அடுக்கியிருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

பாட்டு நாலரை நிமிடம், அதாவது 270 விநாடி. சராசரி மூன்று விநாடி என்று வைத்தால் தொண்ணூறு ஷாட். தொண்ணூறும் காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் மூச்சு முட்டும். பத்துப் பன்னிரண்டு ஷாட் மட்டும் கடிகாரமாக இருந்தால் போதும். மற்றவை வேலை, வியர்வை, சிரிப்பு, மழை. பார்ப்பவர் அந்தப் பத்துப் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானே ஐந்து வருடத்துக்கும் பரப்பிக்கொள்வார்.

இந்தப் பாட்டில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று பிள்ளை. கல்யாணம், கர்ப்பம், தொட்டில், பள்ளிக்கூடப் பை. இது எல்லாருக்கும் தெரிந்த கடிகாரம், சரியாகவே ஓடுகிறது. இன்னொன்று செடி. சென்னைப் பார்வையாளருக்கு அந்தக் கடிகாரத்தைப் படிக்கத் தெரியாது, அதனால் அவருக்கு ஒன்றும் உறுத்தாது. உங்களுக்குத் தெரியும், அதனால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. பாட்டு எடிட் அறையிலேயே உடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்து உடைகிறது.

சரி செய்வது கஷ்டமில்லை. பேக்டரி மூட்டையை முதல் சரணத்திலிருந்து எடுத்து இரண்டாவது சரணத்தின் நடுவில் வைத்தால் போதும், தொட்டிலுக்குப் பிறகு. முதல் சரணத்தில் காலியாகும் இடத்தில் பணக் கஷ்டத்தைக் காட்டலாம். மூன்று வருடம் வருமானம் இல்லாமல் அவன் எப்படிச் சமாளித்தான் என்பது உண்மையில் இன்னும் நல்ல கதை. அப்புறம் ஒரே கோணம் ஒன்று வேண்டும். அவன் வீட்டுத் திண்ணையிலிருந்து சரிவைப் பார்க்கும் ஷாட்டை நாலு இடத்தில் வைக்கலாம். வெறும் மண், முழங்காலுக்குக் கீழே செடி, இடுப்பளவு செடி, பறிக்கும் ஆட்கள். கேமரா அசையாமல் செடி மட்டும் மாறினால் காலம் போனதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

அந்த நாலு ஷாட்டையும் ஒரே செடியில் எடுக்க யாரும் மூன்று வருடம் காத்திருக்க மாட்டார்கள். வேறு வேறு வயதுத் தோட்டம் நாலு தேடிப் பிடித்து, ஒரே திண்ணை போல முன்னால் ஒரு தூணை வைத்து எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் முகம் சுளிப்பது அங்கேதான். இவர்கள் பழைய தோட்டம் ஒன்றிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்பது என் ஊகம்.

கட்டபெட்டு தோட்டம் | 15 ஜூன், மதியம் 12.30

அப்படியே கவாத்து செய்த தோட்டத்தையும் பயன்படுத்தலாமே. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை வெட்டி விடுவோம். வெட்டின புதிதில் குச்சி குச்சியாக நிற்கும், சில மாதத்தில் பச்சை கட்டிவிடும். கடிகாரம் வேண்டும் என்றால் அதைவிட என்ன? ஆனால் ஒன்று, கவாத்து செய்த செடியைக் காட்டி "பயிர் அழிந்தது" என்று சோக இசை போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு சீரியலில் அப்படிப் பார்த்தேன்.

அருவங்காடு_சேகர் | 15 ஜூன், இரவு 9.15

கவாத்து செய்த செடி, வேலை போன மனிதனின் முகம். பக்கத்தில் பக்கத்தில். வெட்டினால் துளிர்க்கும் என்ற கருத்து தானாகப் பிறக்கிறது. இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா, மோதல்தான் மாண்டேஜ்?

எடிட் மேசை | 15 ஜூன், இரவு 9.50

நல்ல ஒட்டு. ஆனால் கட்டபெட்டுக்காரர் போன்றவர்களுக்கு மட்டும்தான் துளிர்க்கும் என்று தெரியும். மற்றவர்களுக்கு அது செத்த செடி. அதே இரண்டு ஷாட்டிலிருந்து இரண்டு கூட்டம் எதிரெதிரான கருத்தை எடுத்துக்கொண்டு போகும்.

கேத்திக்காரன் | 17 ஜூன், இரவு 8.30

கேமியோவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

எடிட் மேசை | 18 ஜூன், காலை 7.05

சுருக்கமாக. கேமியோவுக்கு நிமிடக் கணக்கு இல்லை. பார்ப்பவர் "அட, இவரா!" என்று அடையாளம் காண்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. பாத்திரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் நடிகரைத் தெரிந்திருக்க வேண்டும். தன் படங்களிலேயே கே.எஸ்.ரவிக்குமார் தலைகாட்டுவது அந்த வகை. ஹிட்ச்காக்கும் தன் படங்களில் எங்காவது ஒரு மூலையில் நடந்து போவார். 1944இல் வந்த லைஃப்போட் முழுக்க ஒரு படகுக்குள் நடக்கிறது, நடந்து போக இடமில்லை. அதனால் ஒருவர் படிக்கும் செய்தித்தாளில், உடல் எடை குறைக்கும் விளம்பரத்தில் அவர் படம் வந்தது. நாளடைவில் ஜனங்கள் கதையை விட்டு அவரைத் தேட ஆரம்பித்ததால் படத்தின் தொடக்கத்திலேயே வந்து போய்விடுவார்.

உங்கள் படத்துக் கடைசிப் பத்து நிமிடக்காரர் இரண்டும் கெட்டான். கைதட்டல் அடையாளத்துக்காக வந்தது, அந்த அளவில் கேமியோ. ஆனால் அவர் சொல்லும் விஷயத்தை எடுத்துவிட்டால் படத்தின் முடிவு நிற்காது, அந்த அளவில் பாத்திரம். 2022இல் வந்த விக்ரம் படத்தின் கடைசியில் சூர்யா வந்த பிறகு நம் ஊரில் இந்தக் கோடு அழிந்துவிட்டது. டைட்டிலில் 'நட்புக்காக', 'கௌரவ வேடம்' என்று போட்ட காலத்தில் அவர்களே முடிவு செய்து கொடுத்துவிடுவார்கள், நமக்கு வேலை இல்லை.

நான்தான்_அந்த_நண்பன் | 18 ஜூன், இரவு 9.00

சீக்வல் விஷயத்திலாவது நான் சரிதானே? கடைசியில் 'பாகம் 2' என்று கார்டு போட்டார்கள்.

எடிட் மேசை | 18 ஜூன், இரவு 9.40

கார்டை வைத்துச் சொல்ல முடியாது. பில்லா 2 (2012) என்ற பெயரைப் பார்த்தால் 2007 பில்லாவுக்குப் பிறகு நடப்பது போலத் தோன்றும், கதை அதற்கு முன்னால் நடக்கிறது. அரண்மனை வரிசையில் ஒவ்வொன்றும் புதுப் பேய், புதுக் குடும்பம். பொன்னியின் செல்வன் இரண்டு பாகமும் ஒரே கதையை நடுவில் வெட்டியது, முதல் பாகத்தில் எதுவும் முடியவில்லை. முதல் படம் தன்னளவில் முடிந்து, அதன் விளைவு அடுத்த படத்தில் தொடர்ந்தால்தான் நான் சீக்வல் என்பேன். உங்கள் படத்தில் முக்கியமான கேள்வி ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. கேத்திக்காரன் சந்தேகப்பட்டது நியாயம்தான், அந்த வில்லனின் பழைய கதைக்குப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள்.

லவ்டேல்_மாலா | 21 ஜூன், இரவு 10.30

பார்த்துவிட்டு வந்தோம். என் பெரியவன் தியேட்டரிலேயே "அம்மா, இந்தப் பாட்டுல அந்த மாமா எப்பம்மா தூங்குவாரு?" என்று கேட்டான். எனக்கும் அதுதான் தோன்றியது. ஐந்து வருடமும் வேலை செய்துகொண்டே இருக்கிறார்.

எடிட் மேசை | 22 ஜூன், காலை 6.40

மாலா, உங்கள் பையன் சொன்னது உண்மையான குறை. ஏறுமுகம் மட்டுமே உள்ள மாண்டேஜ் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு ஷாட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் மேலே. இரண்டாவது சரணம் வருவதற்குள் கண் பழகிவிடுகிறது, அதன் பிறகு எதைக் காட்டினாலும் எடை இல்லை. நடுவில் ஒரு சறுக்கல் வேண்டும். பனி விழுந்து இலை கருகியது, விலை இறங்கியது, ஏதாவது. அந்த இடத்தில் ஷாட்டும் நீளமாக இருக்க வேண்டும், மூன்று விநாடிக்குப் பதில் எட்டுப் பத்து. தாளத்துக்கு வெட்டிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் வெட்டாமல் விட்டால் அங்கேதான் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இசையமைப்பாளர் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். பாட்டு முன்பே முடிவாகி வந்துவிட்டால் எடிட்டரால் முடிவது கொஞ்சம்தான்.

ஜீப் ரவி | 22 ஜூன், இரவு 7.20

நேற்று நானும் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் கதாநாயகன் புதிதாக வாங்கி மாலை போடுகிற ஜீப் என்னுடையது. பல்லவியில் அவரை வேலையை விட்டுத் துரத்துகிற முதலாளி வந்து இறங்குவதும் அதே ஜீப்தான். நம்பரைக்கூட மாற்றவில்லை. இதைக் கவனித்த யாராவது உண்டா?

கட்டபெட்டு தோட்டம் | 22 ஜூன், இரவு 7.55

நாங்கள் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அருவங்காடு_சேகர் | 22 ஜூன், இரவு 8.10

முதலாளியின் ஜீப்பையே தொழிலாளி வாங்கிவிட்டான். வேண்டுமென்றே வைத்த குறியீடு என்று நினைத்தேன்.

ஜீப் ரவி | 22 ஜூன், இரவு 8.14

குறியீடு இல்லை சார். இன்னொரு வண்டிக்கு வாடகை கொடுக்கவில்லை.